அக்கி ஊசி: 50 வயதில் காசு கொடுத்துப் போடுவதா, 65 வரை பொறுப்பதா?

ரீயூனியனில் 65 வயது நிரம்பியவருக்கு மருத்துவர் எழுதித் தரும் ஊசிகள் இப்போது நான்கைந்து ஆகிவிட்டன. ஆண்டுக்கொரு ஃப்ளூ ஊசி, நிமோகாக்கஸ் கிருமிக்கு ஓர் ஊசி, டெட்டனஸ்-டிப்தீரியா-கக்குவான்-போலியோவுக்கான மறு ஊசி, இதயமோ நுரையீரலோ பழுதுபட்டவருக்கு ஆர்.எஸ்.வி. எனும் மூச்சுத்தொற்று வைரஸுக்கான ஊசி, அப்புறம் அக்கி ஊசி. இவற்றில் பலவற்றுக்கு முடிவெடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. வயது வந்ததும் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அக்கி ஊசி அப்படியல்ல. அதை 50 வயதிலேயே போடலாம் என்று அனுமதி இருக்கிறது. ஆனால் அரசுக் காப்பீடு 65க்குத்தான் பணம் தருகிறது. இடையில் இருக்கும் பதினைந்து ஆண்டுகளை என்ன செய்வது என்பதுதான் இங்கே கேள்வி.

நோய் எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கே எல்லோரும் ‘சோனா’ என்று சொல்வதும், நம் பாட்டிமார் அக்கி என்று சொன்னதும் ஒன்றே. சின்னம்மை வந்து போன பிறகும் அந்த வைரஸ் முதுகுத்தண்டையொட்டிய நரம்பு முடிச்சுகளில் உயிரோடு தங்கியிருக்கும். நோய் எதிர்ப்பு அணுக்கள் அதைக் காவல் காக்கும்வரை தொல்லையில்லை. வயது ஏற ஏறக் காவல் தளர்கிறது. ஒருநாள் வைரஸ் ஒரு நரம்பைப் பிடித்து வெளியே வரும்போது, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோலக் கொப்புளங்கள் கிளம்பும். வாழ்நாளில் மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. கொப்புளம் சில வாரங்களில் ஆறிவிடும். அதற்குப் பின்னும் அந்த நரம்பு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், எரிந்துகொண்டேயிருப்பதுதான் உண்மையான தண்டனை. அக்கி வந்தவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினெட்டுப் பேருக்கு இந்த நரம்பு வலி தங்குகிறது. வயது கூடக் கூட அந்தப் பங்கும் கூடுகிறது.

இப்போது போடப்படும் ஊசியின் பெயர் ஷிங்கிரிக்ஸ். இதில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேலுறையில் உள்ள ஒரு புரதம், அதோடு உடம்பின் எதிர்ப்பை உசுப்பிவிடும் ஒரு துணைப்பொருள், இவ்வளவுதான். மேல்கையின் தசையில் அரை மில்லிலிட்டர், இரண்டு தவணை, இரண்டுக்கும் இடையே இரண்டு முதல் ஆறு மாதம். 50 வயதைத் தாண்டிய சுமார் 15,400 பேரிடம் நடந்த முதல் பெரிய சோதனையில், மூன்றாண்டுக் காலத்தில் ஊசி போட்டவர்களில் 6 பேருக்கும் மருந்தில்லாத வெற்றூசி போட்டவர்களில் 210 பேருக்கும் அக்கி வந்தது. அதாவது 97 விழுக்காடு தடுப்பு. 70 வயதைத் தாண்டியவர்களிடமும் அது 90 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. வயதானவர்களிடம் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் ஊசி அரிது. இதற்கு முன்பிருந்த ஸோஸ்டாவேக்ஸ் என்ற உயிருள்ள வைரஸ் ஊசி அறுபதுகளில் 64 விழுக்காடு தடுத்தது. 70க்கு மேல் 38தான். சில ஆண்டுகளில் அதுவும் கரைந்துபோனது.

அப்படியானால் 50 என்ற வயதும் 65 என்ற வயதும் எங்கிருந்து வந்தன?

50 என்பது அனுமதி வயது. சோதனையில் சேர்க்கப்பட்டவர்கள் 50க்கு மேற்பட்டவர்கள். ஆகவே மருந்து அந்த வயதுக்கு மேல் பாதுகாப்பானது, பயனுள்ளது என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. அக்கியின் எண்ணிக்கையும் 50 வயதையொட்டித்தான் செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது. அதனால்தான் சோதனையே அங்கிருந்து தொடங்கப்பட்டது. ஆனால் அனுமதி வயது ‘போடலாம்’ என்று மட்டும்தான் சொல்கிறது. ‘எல்லோரும் போடுங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பது வேறு முடிவு. அதை எடுப்பவர்கள் வேறு ஆட்கள், பார்க்கும் கணக்கும் வேறு. பிரான்ஸின் உயர் சுகாதார ஆணையம் 2024இல் 65 என்று வைத்தது. ஜெர்மனியின் தடுப்பூசிக் குழு 2018இலேயே 60 என்று வைத்து, நீரிழிவு, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு போன்ற நாட்பட்ட நோயுள்ளவர்களுக்கு 50 என்று இறக்கியது. அமெரிக்காவில் எல்லோருக்கும் 50. ஒரே மருந்து, ஒரே சோதனை, மூன்று வயது. இதில் யாரும் தவறு செய்யவில்லை. எதற்கு எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

அந்த எடையை ஒரு தோராயக் கணக்கில் பார்ப்போம். 50 முதல் 65 வரை ஆண்டுக்கு ஆயிரத்தில் ஆறு பேருக்கு அக்கி வருவதாகக் கொள்வோம். அந்தப் பதினைந்து ஆண்டில் ஆயிரம் பேரில் 90 பேர். இவர்களில் நரம்பு வலி நிற்பவர்கள் பத்தில் ஒன்றுக்கும் கீழே, ஒரு 7 பேர் என்று வையுங்கள். 65 முதல் 80 வரை ஆண்டுக்கு ஒன்பது பேர் என்றால் மொத்தம் 135. வயது கூடியதால் நரம்பு வலிக்காரர்கள் ஒரு 20 பேர். அக்கியை மட்டும் எண்ணினால் இரண்டு வயதுக்கும் இடையே பெரிய பள்ளமில்லை. நரம்பு வலியை எண்ணினால் இரண்டாம் பதினைந்து ஆண்டு மூன்று மடங்கு கனமானது. ஊசி ஒவ்வொன்றுக்கும் பொதுப்பணம் செலவாகும்போது, ஒரு நரம்பு வலியைத் தடுக்க எத்தனை பேருக்குப் போட வேண்டியிருக்கிறது என்று ஆணையம் பார்க்கிறது. 65இல் போட்டால் அந்த எண் மிகச் சிறியது.

இன்னொரு எடை, பாதுகாப்பு எத்தனை காலம் நீடிக்கும் என்பது. முதல் சோதனையில் ஊசி போட்டவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் பதினோராம் ஆண்டிலும் சுமார் 80 விழுக்காடு தடுப்பு இருந்தது. மிக நல்ல செய்தி. ஆனால் அளந்து பார்த்தது அவ்வளவு தூரம்தான். 50இல் போட்டவருக்கு, நரம்பு வலி மிகக் கொடிதாக வரும் 80இல், ஊசி போட்டு முப்பது ஆண்டு ஆகியிருக்கும். 65இல் போட்டவருக்குப் பதினைந்துதான். மறு ஊசி இப்போதைக்கு எங்கும் பரிந்துரையில் இல்லை. ஆகவே சீக்கிரம் போடுவதால் ஐம்பதுகளின் அக்கியிலிருந்து தப்பிக்கிறீர்கள். பிந்திப் போடுவதால் எண்பதுகளுக்குப் புதிய காவலை அனுப்புகிறீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே தேர்ந்தெடுப்பதுதான் உண்மையான ஒப்பீடு. விலை அதற்கு அடுத்தது.

விலையும் சிறியதல்ல. பிரான்ஸ் பெருநிலத்தில் ஒரு தவணை சுமார் 190 யூரோ. கடல் கடந்த மாநிலங்களில் மருந்து விலை சற்றுக் கூடுதல். 65 ஆனதும் அரசுக் காப்பீடு 65 விழுக்காட்டைத் தரும். மீதியை ‘முத்யுவெல்’ எனும் துணைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். 65க்குக் கீழே, எதிர்ப்புசக்தி குன்றியவர் அல்லாதவருக்கு, இரண்டு தவணையும் கைக்காசு.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். சேந்த் ஆந்திரேயில் ஒரே வீட்டில் மூவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 66. அம்மாவுக்கு 57, நீரிழிவு உண்டு. அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு 83.

அப்பாவின் விஷயம் எளிது. வயது வந்துவிட்டது. பணமும் திரும்பி வருகிறது. சின்னம்மை வந்ததாக நினைவில்லை என்று சொல்லித் தள்ளிப்போட வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனையும் தேவையில்லை.

பாட்டி 74 வயதில் ஸோஸ்டாவேக்ஸ் போட்டிருக்கிறார். ‘அக்கி ஊசி முன்பே போட்டாச்சு’ என்று வீட்டில் சொல்வார்கள். அது வேறு ஊசி. ஒன்பது ஆண்டில் அதன் பயன் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். பழைய ஊசிக்கோ, அக்கி வந்து போனதற்கோ, குறைந்தது ஓராண்டு கழிந்திருந்தால் புதிய ஊசியின் இரண்டு தவணையையும் போடலாம். மூவரில் இந்த ஊசியால் மிகுதியாகப் பயனடைபவர் பாட்டிதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் கடைசியாக நினைவுக்கு வருபவரும் அவர்தான்.

அம்மாதான் கடினமான கேள்வி. 65க்கு இன்னும் எட்டு ஆண்டு. ஆண்டுக்கு ஆயிரத்தில் ஏழு என்று கொண்டால் எட்டு ஆண்டில் 56. நீரிழிவு அதைச் சுமார் கால்பங்கு கூட்டுகிறது, ஆக 70. அதாவது காத்திருக்கும் காலத்தில் அவருக்கு அக்கி வரும் வாய்ப்பு பதினான்கில் ஒன்று. நரம்பு வலி தங்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஏழுக்கும் கீழே. ஜெர்மனியில் இருந்தால் அவருக்கு இன்றே ஊசி எழுதித் தருவார்கள். பிரான்ஸின் 2024 விதியில் நீரிழிவு மட்டும் இருந்தால் போதாது. நீரிழிவு மற்ற இடங்களைவிட அதிகமுள்ள நம் தீவில் இது சின்ன விஷயமல்ல. எங்கள் கருத்து இது: சுமார் 400 யூரோ வீட்டைப் பாதிக்காது என்றால், ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் நீரிழிவுக்காரர் போட்டுக்கொள்வதில் நியாயம் உண்டு. பாதிக்குமென்றால் காத்திருப்பதும் தவறான முடிவல்ல. பதினான்கில் பதின்மூன்று பங்கு அவர் பக்கம்தான். 50 வயதில் ஆரோக்கியமாக இருப்பவர் காத்திருக்கலாம். 63 வயதுக்காரர் கைக்காசு போடுவதில் பொருளில்லை, இரண்டு ஆண்டுதானே.

ஒரே ஒரு நிலை இந்தக் கணக்கையெல்லாம் மாற்றிவிடும். அம்மாவுக்கு மூட்டுவாதமோ குடல் அழற்சியோ இருந்து, எதிர்ப்பைத் தணிக்கும் மருந்து தொடங்கப்போகிறார்கள் என்று வையுங்கள். அல்லது புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று என்று வையுங்கள். அப்போது வயது 18 ஆனாலே ஊசி பரிந்துரைக்கப்படுகிறது, காப்பீடும் உண்டு. முடிந்தவரை மருந்து தொடங்குமுன் போட வேண்டும். இரண்டு தவணைக்கும் இடையே ஒன்று முதல் இரண்டு மாதம் போதும். நிபுணர் மருந்து எழுதும் அன்றே இதைக் கேட்பது நல்லது. மருந்து தொடங்கிய பின் ஊசியின் பலன் குறையும்.

வயதுக் கோடு எப்படிப் போடப்படுகிறது என்பதை நம் தீவு 2025இல் கண்ணெதிரே பார்த்தது. சிக்குன்குன்யா மறுபடி பரவியபோது, இக்ஸ்சிக் என்ற ஊசியை ஏப்ரல் 7 முதல் முதலில் யாருக்குப் போட்டார்கள்? வேறு நோய்களும் உள்ள, 65 வயது நிரம்பியவர்களுக்கு. காரணம் எளிது: அந்த நோயால் ஆஸ்பத்திரியில் படுப்பதும் இறப்பதும் அவர்கள்தான் அதிகம். பாட்டி அந்தப் பட்டியலில் முதல் வரிசை. ஆனால் இக்ஸ்சிக் உயிருள்ள, வலுவிழக்கச் செய்த வைரஸ். அனுமதிக்கு முந்தைய பெரிய சோதனையில் 65ஐத் தாண்டியவர்கள் சில நூறு பேர்தான். மூன்று வாரத்துக்குள் 80 வயதைத் தாண்டிய மூவருக்குக் கடும் பாதிப்பு வந்தது, ஒருவர் இறந்தார். ஏப்ரல் கடைசியில் 65க்கு மேல் ஊசி நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய மருந்து முகமையும் மே மாதம் அதே தடையை வைத்து, ஜூலையில் நீக்கியது. தொற்று அபாயம் கணிசமாக இருக்கும்போது மட்டும், நன்மை தீமையை நிறுத்துப் பார்த்த பிறகே, எந்த வயதினருக்கும் போட வேண்டும் என்றது. யாருக்கு முதலில் என்று காட்டிய அதே 65, சில வாரத்தில் யாருக்குக் கூடாது என்று காட்டும் கோடானது.

இதைப் பார்த்தவர்கள் அப்பாவின் அக்கி ஊசியையும் தள்ளிப்போட நினைக்கலாம். அச்சம் புரிகிறது. ஆனால் இரண்டும் வேறு வகை. உயிருள்ள வைரஸ் ஊசியில் அந்த வைரஸ் உடம்பில் பெருக வேண்டும். தளர்ந்த உடம்பில் அது எல்லை மீறலாம். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு 60 வயதுக்கு மேல் மருத்துவர்கள் தயங்குவதும் இதனால்தான். ஷிங்கிரிக்ஸில் பெருகுவதற்கு ஒன்றுமில்லை. 70க்கு மேற்பட்ட ஆயிரக்கணக்கானோரிடம் தனியாகவே சோதித்த பிறகுதான் வந்தது. அதில் அரிதாக அஞ்ச வேண்டிய ஒன்று கைகாலைத் தளரச் செய்யும் கில்லான்-பாரே எனும் நரம்பு நோய். அமெரிக்காவில் 65க்கு மேற்பட்டவர்களிடம் பத்து லட்சம் தவணைக்குச் சுமார் மூன்று கூடுதல் நிகழ்வுகள் என்று கண்டார்கள்.

அன்றாடம் எதிர்பார்க்க வேண்டியது வேறு. பத்தில் எட்டுப் பேருக்குக் கை வலிக்கும். பாதிப் பேருக்கு உடம்பு வலியும் சோர்வும், ஐந்தில் ஒருவருக்குக் காய்ச்சல். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஆறில் ஒருவருக்கு அன்றாட வேலை செய்ய முடியாத அளவுக்கு இருக்கலாம். ஆகவே நாள் பார்த்துப் போடுங்கள். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவரும், தீமிதிக்குக் காப்புக் கட்டியவரும் அந்த வாரத்தைத் தவிர்க்கட்டும். விரத நாளில் காய்ச்சல் வந்தால் ஊசியா, கிருமியா, வெயிலா என்று பிரித்தறிவது கடினம். ஏப்ரல் வாக்கில் ஃப்ளூ ஊசி தொடங்கும்போது முதல் தவணை, ஆகஸ்டில் இரண்டாவது என்று வைத்தால் தைப்பூசக் காலத்தைத் தொடாது. ஃப்ளூ ஊசியோடு ஒரே நாளில் வெவ்வேறு கையில் போடலாம். 65இல் வரவேண்டிய டெட்டனஸ் மறு ஊசியையும் சேர்க்கலாம். அந்த ஊசி 25, 45, 65 என்று இருபதாண்டு இடைவெளியில் வந்து, 65க்குப் பின் பத்தாண்டுக்கு ஒருமுறையாகிறது. வயதான உடம்பு எதிர்ப்பைச் சீக்கிரம் மறந்துவிடுவதே காரணம்.

தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டாம் தவணையில். முதல் ஊசியில் காய்ச்சல் வந்தவர் திரும்பி வருவதில்லை. அமெரிக்க முதியோர் பதிவுகளில் இரண்டு தவணை போட்டவருக்கு 70 விழுக்காடு பாதுகாப்பு இருக்க, ஒன்றோடு நின்றவருக்கு 57தான் இருந்தது. ஆறு மாதம் தாண்டிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். வந்த அன்றே இரண்டாவதைப் போட்டால் போதும். நான்கு வாரத்துக்குள் அவசரப்பட்டுப் போட்டது மட்டும் கணக்கில் சேராது. இன்னொரு தவறு கலவையில் நேரும். பொடி ஒரு குப்பியிலும் துணைப்பொருள் திரவம் இன்னொரு குப்பியிலும் வரும். திரவத்தை மட்டும் உறிஞ்சிப் போட்டுவிட்ட நிகழ்வுகள் உண்டு. அது ஊசி போட்டதாகாது, மறுபடி போட வேண்டும். பார்மசியிலோ நர்ஸிடமோ போடும்போது இரண்டு குப்பியும் கலக்கப்படுவதைப் பார்க்கலாம், கேட்கவும் செய்யலாம். தேதியும் தொகுதி எண்ணும் தடுப்பூசி ஏட்டில் ஏறியிருக்க வேண்டும். ‘அக்கி ஊசி’ என்று மட்டும் எழுதினால், பத்தாண்டு கழித்து அது எந்த ஊசி என்று யாருக்கும் தெரியாது.

காத்திருக்க முடிவு செய்த அம்மா ஒன்றை மனத்தில் வைத்திருக்க வேண்டும். உடம்பின் ஒரே பக்கத்தில் எரிச்சலும் கூச்சமும் தொடங்கி, ஓரிரு நாளில் சிவந்த தோலில் கொப்புளக் கூட்டம் வந்தால் அது அக்கியாக இருக்கலாம். காவி குழைத்து அக்கி எழுதும் வழக்கம் நம்மவரிடம் பழையது. தோலுக்கு அதனால் குளிர்ச்சி தோன்றலாம், வைரஸை அது தொடாது. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்க வேண்டும். வழக்கமாக வாலாசைக்ளோவிர் 1 கிராம், நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் தெரிந்தால் கண்ணுக்குள்ளும் பரவலாம். அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது.